‘அண்ணன்னு கூப்பிடு’ என்றவரிடம் ‘யோ’வை விட்டுவிடலாமா?

*வணக்கம் அக்கா. எனக்கு 28 வயது. ஏழு மாதமாகக் கொரியாவில், சுவோன் நகரத்தில் ஒரு உதிரிபாக நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நாடகங்கள் பார்த்தும், வார இறுதி வகுப்புக்குப் போயும் கொரிய மொழி கற்றுக்கொண்டேன். என் பக்கத்து இருக்கையில் இருக்கும் தேரி பதவிக்காரருக்கு 33 வயது. முதலில் மரியாதை விகுதியான ‘யோ’ போட்டுத்தான் பேசினார். இரண்டு மாதம் கழித்து, என்னைக் கேட்டுவிட்டு, ‘யோ’ இல்லாத பன்மலுக்கு மாறினார். போன மாதம் டீம் சாப்பாட்டில் சோஜு மது ஊற்றிக்கொடுத்து, “சகஜமா இரு, என்னை ஹ்யொங்னு கூப்பிடு” என்றார். மறுநாள் காலைக் கூட்டத்தில், டீம் தலைவர் முன்னாலேயே அவரிடம் “ஹ்யொங், இகொ தா ஹெஸ்ஸோ” (அண்ணே, இதை முடிச்சுட்டேன்) என்றேன். அறையே அமைதியாகிவிட்டது. அதேபோல, புதிதாகச் சேர்ந்த 24 வயதுப் பெண்ணிடம், சின்னவர்தானே என்று பன்மலில் பேசினேன். இப்போது வேலை விஷயம் தவிர அவர் என்னிடம் பேசுவதில்லை. கால்பந்துக் குழுவில் இருக்கும் என் வயதுப் பையனோ, நான் இன்னும் ‘யோ’ போடுகிறேன் என்று குறைபடுகிறான். அதிகாரி பக்கத்தில் இருக்கும்போதே சிலர் ‘யோ’ இல்லாமல் பேசுவதும் என் காதில் விழுகிறது. பேசாமல் எல்லோரிடமும் மரியாதையாகவே பேசிவிடட்டுமா? தேரி என்னிடம் பன்மல் பேசுவது நான் வெளிநாட்டுக்காரன் என்ற இளக்காரத்தாலா? நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.*

*— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்*

தம்பி, உங்களுக்கான விடையில் பாதியை உங்கள் கடிதத்திலேயே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். என்னை ‘அக்கா’ என்று கூப்பிட்டீர்கள். ஆனால் ‘நீ சொல்கிறபடி’ என்று எழுதவில்லை, ‘நீங்கள் சொல்கிறபடி’ என்றுதான் எழுதினீர்கள். உறவுமுறை சொல்லி அழைப்பது ஒன்று, மரியாதை விகுதியை விடுவது வேறொன்று. தமிழில் இது உங்களுக்கு யோசிக்காமலே வருகிறது. கொரிய மொழியில் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிட்டீர்கள். ‘ஹ்யொங்’ என்று கூப்பிடச் சொன்னது முதல் அனுமதி. ‘யோ’வை விடச் சொல்வது இரண்டாவது அனுமதி. அந்த இரண்டாவது உங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

மற்ற வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. உயர்த்திப் பேசுவதைக் கொரியர்கள் ‘ஜொன்தேன்மல்’ என்கிறார்கள். அதை விட்டு உரிமையோடு பேசுவது ‘பன்மல்’, அதாவது பாதிப் பேச்சு. ‘தேரி’ என்பது புதியவருக்கு ஒரு படி மேலே உள்ள பதவி.

‘யோ’ நம்முடைய ‘ங்க’ மாதிரிதான்

நம் ஊரில் “சரி”யை “சரிங்க” ஆக்குகிறோம், “இல்லை”யை “இல்லீங்க” ஆக்குகிறோம். கொரிய ‘யோ’வும் அப்படித்தான் சொல்லின் கடைசியில் வந்து ஒட்டிக்கொள்கிறது. அது கேட்கிறவருக்கான மரியாதை. வாக்கியத்தில் யாரைப் பற்றிப் பேசுகிறோமோ, அவருக்கான மரியாதை வேறு இடத்தில் இருக்கிறது. “அவரு வந்துட்டாருங்க” என்பதைப் பாருங்கள். ‘ஆரு’ வந்தவருக்கு, ‘ங்க’ கேட்கிறவருக்கு. கொரிய மொழியில் இதே வாக்கியம் ‘ஓஷ்யொஸ்ஸோயோ’. நடுவில் ‘ஷ்யொ’வாகத் திரிந்து நிற்கும் ‘ஷி’ வந்தவருக்கு, கடைசி ‘யோ’ கேட்கிறவருக்கு.

இது பிடிபட்டால் நாலு வகையும் தானாக வரும். பாட்டி வந்ததை நண்பனிடம் சொன்னால் ‘ஓஷ்யொஸ்ஸோ’. பாட்டிக்கு ‘ஷி’ உண்டு, நண்பனுக்கு ‘யோ’ இல்லை. நம் “பாட்டி வந்துட்டாங்கடா” அதுதான். நண்பன் வந்ததைப் பாட்டியிடம் சொன்னால் ‘வாஸ்ஸோயோ’. நண்பனுக்கு ‘ஷி’ வேண்டாம், பாட்டிக்கு ‘யோ’ வேண்டும். மரியாதை கூடட்டும் என்று தன் செயலுக்கே ‘ஷி’ போட்டுக்கொள்ளும் மாணவர்களை நிறையப் பார்க்கிறேன். “நான் வந்தார்” என்பதுபோல ஆகிவிடும். ‘ஷி’ ஒருபோதும் தனக்கு வராது.

ஆனால் இந்த ஒற்றுமை ஓரிடத்தில் நம்மைக் கைவிடுகிறது. தமிழில் யாரிடம் பேசினாலும் ‘நீங்கள்’ இருக்கிறது. கொரிய மொழியில் எல்லா இடத்துக்கும் பொருந்தும் ‘நீங்கள்’ என்று ஒரு சொல்லே கிடையாது. அகராதியில் தேடினால் ‘தங்ஷின்’ கிடைக்கும். அது கணவன் மனைவி பேசிக்கொள்வது, அல்லது தெருவில் சண்டைக்கு நிற்பவர்கள் சொல்வது. சக ஊழியரிடம் சொன்னால் வம்புக்கு இழுப்பதுபோல் இருக்கும். பேச்சில் வரும் ‘நீ’ நம் ‘நீ’யைப் போலவே ஒலிப்பதால் தமிழர்களுக்கு அதன்மேல் ஒரு பாசம் வந்துவிடுகிறது. அது சுத்தமான பன்மல். அலுவலகத்தில் ‘நீங்கள்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் பதவியைச் சொல்லுங்கள். “தேரிநிம், சாப்பிட்டீங்களா?” என்றால் போதும். ‘நிம்’ பதவியோடு ஒட்டும் மரியாதை. பதவி இல்லாத சக ஊழியருக்குப் பெயரோடு ‘ஸ்ஸி’ சேர்க்கலாம். மேலே இருப்பவரைப் பெயர் சொல்லி ‘ஸ்ஸி’ போட்டால் மரியாதை குறைவு, அதைச் செய்யாதீர்கள்.

அந்தக் கூட்டத்தில் என்ன நடந்தது

“சகஜமா இரு” என்று உங்கள் தேரி சொன்ன வாக்கியம் ‘ப்யொன்ஹாகே ஹே’ என்பதாகத்தான் இருக்க வேண்டும். பெரியவர் சின்னவரிடம் சொல்லும்போது இதன் பொருள் பெரும்பாலும் “என்னைப் பார்த்து விறைத்துக்கொண்டு நிற்காதே” என்பதுதான். ‘யோ’வை விடச் சொல்வதற்கென்று கொரிய மொழியில் தனி வாக்கியம் இருக்கிறது. பேச்சைக் ‘கீழே வைப்பது’ என்பார்கள், ‘மல் நொத்தா’. “நொதோ மல் நுவா” (நீயும் பேச்சைக் கீழே வை) என்று அவர் வாய்திறந்து சொல்லியிருந்தால்தான் உங்களுக்கு அனுமதி.

இந்தப் பேரத்தில் இரு பக்கமும் சமமில்லை. பெரியவர்தான் தொடங்க வேண்டும். அவர் கேட்டபோது நீங்கள் “சரி” என்றது, அவர் உங்களிடம் பன்மல் பேசலாம் என்பதற்கு மட்டும். நீங்களும் அவரிடம் பேசலாம் என்று ஆகாது. 33 வயதுக்காரர் பன்மல் பேச, 28 வயதுக்காரர் ‘யோ’ போட்டுப் பேசிக்கொண்டே பல வருஷம் நெருங்கிய நண்பர்களாக இருப்பது அங்கே சாதாரணம். அப்படியானால் சோஜு மேசையில் உங்களுக்குக் கிடைத்தது என்ன? “ஹ்யொங், தா ஹெஸ்ஸோயோ” என்று சொல்லும் உரிமை. நம் “அண்ணே, முடிச்சுட்டேங்க” போல. அது சின்ன உரிமை இல்லை. ஹ்யொங் என்று கூப்பிடச் சொல்வது உங்களைத் தன் ஆளாக ஏற்றுக்கொண்டதன் அடையாளம்.

உங்கள் வாக்கியத்தில் இரண்டு தவறு இருந்தது. ‘யோ’ இல்லாதது ஒன்று. இன்னொன்று இடம். மொழிபெயர்ப்பாளராக நான் வேலை செய்த ஒரு அலுவலகத்தில் இரண்டு பேர் இருந்தார்கள், கல்லூரிக் காலத்திலிருந்தே ஹ்யொங், தம்பி உறவு. ஒருநாள் மாடிப்படியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். இளையவர் ஏதோ சொல்ல ஆரம்பித்து “ஹ்யொங், அந்த வரைபடம்…” என்றபோது மேலே கதவு திறந்து டீம் தலைவர் இறங்கி வந்தார். அதே வாக்கியம் “…இன்று மதியம் அனுப்பிவிடுகிறேன், தேரிநிம்” என்று, ‘யோ’வைவிட முறையான மரியாதை விகுதியான ‘ம்னிதா’வில் முடிந்தது. மூத்தவரும் “சரி, நன்றி” என்று ‘யோ’ போட்டுப் பதில் சொன்னார். தலைவர் கீழே போனதும் பழையபடி பேச்சு தொடர்ந்தது. இரண்டு பேரில் யாருக்கும் மனம் சங்கடப்படவில்லை. அனுமதி ஆளுக்கு மட்டும் கொடுக்கப்படுவதில்லை, இடத்துக்கும் சேர்த்துத்தான். மூன்றாவது ஆள் முன்னால், அதிலும் மேலதிகாரி முன்னால், ஹ்யொங் மறைந்து தேரிநிம் வந்துவிட வேண்டும்.

நீங்கள் அப்படிப் பேசியதால் அவமானப்பட்டது நீங்கள் மட்டுமில்லை. தன் கீழே இருப்பவரை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாதவர் என்று தலைவர் முன்னால் நின்றது அவர்தான். அதனால் சரிசெய்வதும் உங்கள் பொறுப்பு. இன்னும் எதுவும் சொல்லவில்லை என்றால், தனியாக இருக்கும்போது அவரிடம் “தேரிநிம், ஜொபொனே ஹ்வேஉயேசொ ஜேகா மல்ஷில்சு ஹெஸ்ஸும்னிதா. ஜ்வேசொங்ஹம்னிதா” என்று சொல்லுங்கள். அன்று கூட்டத்தில் என் பேச்சு தவறிவிட்டது, மன்னியுங்கள் என்று பொருள். ‘மல்ஷில்சு’, வாய் தவறுவது, என்ற இந்த ஒரு சொல் பெரிய உதவி. விளக்கமெல்லாம் வேண்டாம். அவர் சிரித்துவிட்டு “பரவாயில்லை” என்றால், அடுத்த சாப்பாட்டில் மறுபடி ஹ்யொங் என்று, ‘யோ’வோடு, கூப்பிடலாம். பயந்துபோய் ஒரேயடியாகத் தேரிநிம்முக்குத் திரும்பிவிட்டால், அவர் நீட்டிய கையை நீங்கள் தட்டிவிட்டதாக ஆகும்.

‘யோ’ எப்போது போதாது

வேலை இடத்தில் ‘யோ’வும் ‘ம்னிதா’வும் கலந்தே வரும். காபி எடுக்கும்போது, பக்கத்து இருக்கையில் சந்தேகம் கேட்கும்போது ‘யோ’. கூட்டத்தில் அறிக்கை சொல்லும்போது, மின்னஞ்சலில், வாடிக்கையாளரிடம், மன்னிப்புக் கேட்கும்போது ‘ம்னிதா’. ஒரே பேச்சில் தொடக்கமும் முடிவும் ‘ம்னிதா’வாக இருந்து நடுவில் ‘யோ’ வந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஒரே ஒரு இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மேலதிகாரி ஒரு வேலை சொல்கிறார். “புரிந்தது” என்று சொல்ல நாடகத்தில் கேட்ட ‘அராஸ்ஸோ’வோடு ‘யோ’ சேர்த்து ‘அராஸ்ஸோயோ’ என்று சொல்லத் தோன்றும். இலக்கணப்படி அது மரியாதைதான். காதில் விழுவதோ “சரி சரி, தெரியும் விடுங்க” என்று. அங்கே சொல்ல வேண்டியது ‘அல்கெஸ்ஸும்னிதா’. என் மாணவர்களில் வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கும் சொல் இது.

அப்புறம், அதிகாரி பக்கத்தில் இருக்கும்போது மற்றவர்கள் ‘யோ’ இல்லாமல் பேசியது. அவர்கள் அவரைப் பார்த்தா பேசினார்கள் என்று இனிமேல் கவனியுங்கள். “ஓ, வே அன் த்வேஜி?” (அட, ஏன் வேலை செய்யல?) என்று கணினித் திரையைப் பார்த்து முணுமுணுப்பதைத்தான் நீங்கள் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது தனக்குத்தானே பேசுவது. கேட்கிறவர் இல்லாத பேச்சுக்கு ‘யோ’ இல்லை. கண் திரையிலிருந்து அதிகாரியின் முகத்துக்குத் திரும்பியதும் ‘யோ’ வந்து ஒட்டிக்கொள்வதைக் கேட்பீர்கள்.

சின்னவர் என்பதால் மட்டும் பன்மல் இல்லை

அந்தப் பெண் விஷயத்தில், வயது குறைந்தால் பன்மல் என்ற கணக்கு நாடகத்திலிருந்து வந்தது. வேலையிடத்தில் அறிமுகமாகிறவர்களுக்கு அது பொருந்தாது. நாலு வயது இளையவராக இருந்தாலும் அவர் உங்கள் சக ஊழியர். பேச்சு ‘யோ’வில்தான் தொடங்க வேண்டும், அப்படியே இருந்துவிட்டாலும் ஒன்றும் குறைவில்லை. பதவி சொல்லாமல் எல்லோருக்கும் பெயரோடு ‘நிம்’ போடும் வழக்கத்தை சிஜே குழுமம் 2000ஆம் ஆண்டிலேயே கொண்டுவந்தது. அதன்பின் பல நிறுவனங்கள் அந்தப் பாதைக்கு வந்திருக்கின்றன. இளைய ஊழியர்கள் கேட்காமல் வரும் பன்மலைத் தங்களைக் குறைத்துப் பார்ப்பதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஆண் ஒருவர் இளம்பெண்ணிடம் அப்படிப் பேசும்போது, கேட்காத நெருக்கம் காட்டுவதாகவும் தோன்றலாம். உங்கள் மனதில் அப்படி எதுவும் இல்லாமல் இருக்கலாம், ஆனால் அவருக்கு அது எப்படித் தெரியும்?

அவரிடம் சொல்ல வேண்டியது இரண்டே வாக்கியம்: “ஹங்குங்மாரி சொதுல்லொசொ ஜேகா பன்மருல் ஹென்னேயோ. மியான்ஹேயோ.” கொரிய மொழி சரியாக வராததால் பன்மலில் பேசிவிட்டேன், மன்னியுங்கள் என்பது பொருள். அந்த நொடியிலிருந்தே மாற்றிவிடுங்கள். மறுநாள் மறந்துபோய்ப் பழைய பேச்சு வந்தால் மன்னிப்பு வீணாகிவிடும். அவர் உடனே சகஜமாகப் பேசுவார் என்று எதிர்பார்க்காதீர்கள், அதற்காகத் துரத்தவும் வேண்டாம்.

தேரி பேசும் பன்மல் இளக்காரமா?

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இல்லை. இரண்டு மாதம் ‘யோ’ போட்டுப் பேசி, கேட்டு, பிறகு மாறியிருக்கிறார். முறை தெரிந்தவர் செய்கிற காரியம் அது. ஆனால் உங்கள் சந்தேகம் ஆதாரமில்லாததும் இல்லை. தொழிற்சாலைகளில் வேலை செய்யும் வெளிநாட்டினரிடம் முதல் நாளே “யா!” (டேய்) என்று கூப்பிட்டுப் பன்மலில் விரட்டுவது அங்கே இருக்கும் ஒரு உண்மையான குறை. இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி உண்டு. உங்கள் வயதும் பதவியும் உள்ள கொரிய ஊழியரிடம் அவர் எப்படிப் பேசுகிறார் என்று கவனியுங்கள். அவருக்கும் பன்மல் என்றால் அது அந்த மனிதரின் பழக்கம். கொரியருக்கு ‘யோ’, உங்களுக்கு மட்டும் பன்மல், அதுவும் கேட்காமல் என்றால், அது உங்களைக் குறைத்து எடைபோடுவது.

அப்படி ஒருவர் இருந்தால், முதலில் நேரில் “ஜொன்தேன்மல் ஹே ஜுசேயோ” (மரியாதையாகப் பேசுங்கள்) என்று தணிந்த குரலில் கேட்கலாம். அதற்கும் மாறாமல், திட்டும் அவமதிப்பும் சேர்ந்து தொடர்ந்தால், தேதி, இடம், சொன்ன சொல், அருகில் இருந்தவர் என்று எழுதி வையுங்கள். பணியிடத் துன்புறுத்தலைத் தடைசெய்யும் சட்டப்பிரிவு 2019 ஜூலை 16 முதல் அமலில் இருக்கிறது. புகார் வந்தால் நிறுவனம் விசாரிக்க வேண்டும், புகார் செய்ததற்காகப் பழிவாங்கக் கூடாது. வேலைவாய்ப்பு அமைச்சகத்தின் ஆலோசனை எண் 1350. வெறும் பன்மல் மட்டும் என்றால் அது துன்புறுத்தலாக நிற்பது கடினம். பதவியை வைத்து அழுத்துவதும், வரம்பு மீறிய பேச்சும், அதனால் உங்களுக்கு ஏற்பட்ட பாதிப்பும் சேர்ந்தால்தான் புகாருக்கு வலு. உங்கள் தேரி மேல் இதைப் பிரயோகிக்க எந்தக் காரணமும் இல்லை.

கால்பந்து நண்பன்

எல்லோரிடமும் மரியாதையாகவே பேசிவிடலாம் என்ற உங்கள் யோசனை அலுவலகத்தில் செல்லும். யாரையும் புண்படுத்தாது. ஆனால் இந்தப் பையனிடம் அது செல்லாது. கொரிய மொழியில் ‘சிங்கு’ என்ற சொல்லை நாம் நண்பர் என்று மொழிபெயர்த்தாலும், அது முதலில் சம வயதுக்காரரைக் குறிக்கிறது. ஒரே வருஷத்தில் பிறந்தவர்களுக்கு ‘தொங்காப்’ என்று தனிச் சொல்லே இருக்கிறது. வயதைக் கணக்கிடும் முறை 2023 ஜூனில் சட்டப்படி மாறிய பிறகும், அறிமுகமாகும்போது “எந்த வருஷம் பிறந்தீங்க?” என்று கேட்பது நின்றுவிடவில்லை. தொங்காப் என்று தெரிந்த பிறகு, அவன் கேட்ட பிறகும், நீங்கள் ‘யோ’ போட்டுக்கொண்டே இருந்தால், “உன்னோடு இவ்வளவு தூரம்தான்” என்று கோடு போடுவதாக அவனுக்குப் படும். கூடப் படித்தவனை நாம் “வாங்க சார்” என்றால் அவன் முகம் எப்படிப் போகுமோ, அப்படி.

அவன் குறைபட்டுவிட்டதால் அனுமதி ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஆனாலும் பேச்சின் நடுவில் திடீரென்று மாறாமல், ஒரு முறை சொல்லிவிட்டு மாறுங்கள். ஆட்டம் முடிந்து தண்ணீர் குடிக்கும்போது “உரி மல் நொவுல்காயோ?” (நாம பேச்சைக் கீழே வைப்போமா?) என்று கேளுங்கள். அதுதான் நீங்கள் அவனிடம் சொல்லும் கடைசி ‘யோ’.

மாறும்போது முழுதாக மாறுங்கள். ‘யோ’வை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை அப்படியே வைத்தால் பாதி வேட்டி பாதி பேன்ட் மாதிரி இருக்கும். பணிவான ‘நான்’ ஆன ‘ஜொ’ போய் ‘நா’ வர வேண்டும். அது நம் பேச்சுத் தமிழ் ‘நா’வேதான், நாக்குக்குச் சிரமம் இல்லை. ‘ஆமாம்’ என்பதற்கு ‘நே’ போய் ‘உங்’. பெயரோடு இருந்த ‘ஸ்ஸி’ போய், பெயர் உயிரொலியில் முடிந்தால் ‘யா’, மெய்யில் முடிந்தால் ‘ஆ’: மின்சு என்றால் “மின்சுயா”, ஜிஹூன் என்றால் “ஜிஹூனா”. அவனுடைய அம்மாவைப் பற்றிக் கேட்கும்போது மட்டும் ‘ஷி’யை விடாதீர்கள், அது அவனுக்கான மரியாதை இல்லை, அம்மாவுக்கானது. முதல் வாரம் பழக்கத்தில் ‘யோ’ வந்துகொண்டே இருக்கும். அவனே ஒவ்வொரு முறையும் பிடித்துத் திருத்துவான், திருத்தட்டும். அதே குழுவில் உங்களைவிட மூத்தவர்கள் நின்றால் அவர்களிடம் திரும்பும்போது ‘யோ’ வர வேண்டும், அவனிடம் திரும்பும்போது போக வேண்டும். ஒரே மைதானத்தில், ஒரே நிமிஷத்தில் இரண்டும் நடக்கும். அலுவலகத்தில் ஹ்யொங்குக்கும் தேரிநிம்முக்கும் நடுவே மாறுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி உங்களுக்கு அமையாது.